பத்து நாள் கையெழுத்து

மாது முதலாளிக்கு முதலில் எழுதிய கடிதத்தைக் கோகிலவாணி படித்துவிட்டு அவனிடமே திருப்பிக் கொடுத்தாள். பாலக்கோடு சாலையில் இருந்த அந்த மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் அலுவலக வேலை முழுவதும் அவள் பொறுப்பு. மாது பாய்லர் பார்ப்பவன். ஆறு வருடமாக பாய்லர் இயக்குவதற்கான இரண்டாம் வகுப்புச் சான்றிதழில் ஓடிக்கொண்டிருந்தான். முதல் வகுப்புத் தேர்வு எழுத ஆசை.

"ஒங்க கஷ்டத்தயே எழுதியிருக்கீங்க. பாப்பா ஸ்கூல், வூட்டு வாடகை. இதப் படிச்சா சார் பாவப்படுவாரு, கையெழுத்துப் போடமாட்டாரு. அவருக்கு என்ன லாபம்னு எழுதுங்க."

"அவருக்கு என்னக்கா லாபம்?"

"அடுத்த சீசனுக்கு பெரிய பாய்லர் வருதில்ல? அதுக்கு முதல் வகுப்பு ஆளு வேணும். வெளிய தேடுனா என்ன சம்பளம் கேப்பான்?"

மாது மறுபடி எழுதினான். தேர்வுக் கட்டணத்தையும் சென்னைப் பயிற்சி வகுப்புக் கட்டணத்தையும் நிறுவனம் ஏற்க வேண்டும். பத்து நாள் படிப்பு விடுப்பு வேண்டும். தேறினால் புதிய பாய்லருக்கு நானே பொறுப்பேற்பேன், இரண்டு வருடம் வேறெங்கும் போகமாட்டேன் என்று எழுதிக் கொடுக்கிறேன். விடுப்பு நாட்களில் சான்றிதழ் உள்ள என் நண்பர் ராஜா தினக்கூலிக்கு வந்து பார்த்துக்கொள்வார். தேர்வு மனுவுடன் வைக்க வேலை அனுபவச் சான்றும் வேண்டும்.

மூன்றாம் நாள் முதலாளி அருள்குமார் கூப்பிட்டார். கடிதம் மேசைமேல் இருந்தது.

"நல்லா எழுதியிருக்க மாது. ஃபீஸ் நான் கட்டறேன். லீவும் எடுத்துக்கோ."

மாது கும்பிட்டான்.

"ஆனா ராஜாவெல்லாம் வேணாம். பெரியண்ணன் பாத்துக்குவான். இருவது வருசமா நெருப்பு போடறான், அவனுக்குத் தெரியாததா? நீ போறதுக்கு முன்ன பாய்லர் ரிஜிஸ்டர்ல பத்து நாளுக்கும் கையெழுத்து மட்டும் போட்டுட்டுப் போயிரு."

"சார், பெரியண்ணனுக்கு சர்டிபிகேட் இல்லீங்களே."

"ஒன்னுது செவுத்துல மாட்டியிருக்கில்ல? யாரு வந்து பாக்கப்போறாங்க?"

அன்று மாலை பாய்லர் அறையில் பெரியண்ணனிடம் சொன்னான். அவர் விறகை அடுக்கியபடியே, "போட்டுட்டுப் போப்பா. நான் பாத்துக்கறேன்" என்றார்.

"கண்ணாடியில தண்ணி மட்டம் தெரியலன்னா என்னண்ணா பண்ணுவீங்க?"

"பம்ப போட்டு தண்ணி ஏத்துவேன்."

உள்ளே தண்ணீர் வற்றிக் குழாய்கள் பழுக்கக் காய்ந்திருக்கும்போது குளிர்ந்த நீரை விட்டால் பாய்லரே வெடித்துப்போகலாம். நெருப்பைத்தான் முதலில் அணைக்க வேண்டும். இருபது வருடமாக அந்த நிலை வராததால் அவர் உயிரோடு இருக்கிறார். நெருப்பை அணைக்கும் அந்த முறையை மாது அப்போதே சொல்லிக்கொடுத்தான். பெரியண்ணன் தலையாட்டினார். கேட்டாரா என்று தெரியவில்லை.

வீட்டில் விஷயத்தைக் கேட்ட மனைவி அமுதவல்லி, "கையெழுத்துதானே?" என்றாள். பிறகு அவளே, "அந்த மனுசனுக்கு ஏதாச்சும் ஆயிட்டா?" என்றாள்.

மறுநாள் காலையில் மாது முதலாளியிடம் வேறொரு கடிதத்தைக் கொடுத்தான். அதில் மூன்றே வரி: நிதியுதவியும் படிப்பு விடுப்பும் வேண்டாம். தேர்வுக்கு இரண்டு நாள் சொந்த விடுப்பும் அனுபவச் சான்றும் மட்டும் போதும். அந்த இரண்டு நாளும் பாய்லரை நிறுத்த வேண்டும், அல்லது சான்றிதழ் உள்ளவரை வைக்க வேண்டும்.

"எனக்கே கண்டிஷனா?" என்றார் அருள்குமார். அதோடு பத்து நாள் அவனோடு பேசவில்லை. அனுபவச் சான்று வருமா என்று தெரியாமல் மனு போடும் கடைசி நாள் நெருங்கியது. அதற்கு முந்தைய நாள் கோகிலவாணி முத்திரை வைத்த அனுபவச் சான்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். "மூணு தடவ முன்னால வச்சேன். மூணாவது தடவ கையெழுத்து போட்டாரு."

அமுதவல்லியின் தோட்டை அடகு வைத்துக் கட்டணம் கட்டினான். பயிற்சி வகுப்பு இல்லை. ஷிப்ட் முடிந்து வந்து தானே படித்தான். பொம்மிடியில் ரயில் ஏறிச் சென்னை போய் எழுதினான். வாய்மொழித் தேர்வில் அதிகாரி கேட்ட கேள்விகளுக்குத் தடுமாறாமல் பதில் சொன்னதாகத்தான் நினைத்தான்.

திரும்பி வந்த காலை பாய்லர் சூடாக இருந்தது.

"ரெண்டு நாளும் ஓட்டச் சொன்னாருப்பா" என்றார் பெரியண்ணன், அவன் முகத்தைப் பார்க்காமல். "பயந்துக்கிட்டேதான் ஓட்டுனேன். கண்ணாடிய விட்டு நகரல."

ரிஜிஸ்டரில் இரண்டு நாளின் அழுத்தமும் நீர்மட்டமும் மணிக்கு மணி குறிக்கப்பட்டிருந்தன. கையெழுத்துக் கட்டங்கள் மட்டும் அவனுக்காகக் காலியாக இருந்தன. மாது பேனாவை எடுத்து இரண்டிலும் 'விடுப்பு' என்று எழுதினான்.

மதியம் அருள்குமார் வந்து அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்தார். கிழிக்க முடியாது, பக்க எண் போட்ட புத்தகம்.

"இன்ஸ்பெக்டர் கேட்டா நான் என்ன சொல்லட்டும்?"

"நடந்தத சொல்லுங்க சார். இனிமே நான் லீவு போட்டா ராஜாவ கூப்புடுங்க."

அவர் ரிஜிஸ்டரை மூடிவைத்துவிட்டுப் போனார். தேர்வு முடிவு வர இன்னும் நாளாகும். தேறினாலும் பெரிய பாய்லர் தனக்குக் கிடைக்குமா என்று மாதுவுக்குத் தெரியவில்லை. இந்த வேலையே நிலைக்குமா என்பதும் தெரியவில்லை. நீர்மட்டக் கண்ணாடியின் வால்வை ஒருமுறை திறந்து, நீராவியால் ஊதிச் சுத்தம் செய்து பார்த்தான். தண்ணீர் சரியாக நின்றது. பெரியண்ணனை அருகில் கூப்பிட்டு, கண்ணாடியில் தண்ணீர் தெரியாவிட்டால் முதலில் என்ன செய்ய வேண்டும் என்று மறுபடி கேட்டான்.