தேரன்று நெட் வராது

"பிரவுசர்லயே ஸ்லைடு பண்ணிடலாம் கோதா. என்னோடது லினக்ஸ், உன்னோடது விண்டோஸ். எதுல தொறந்தாலும் ஒரே மாதிரி இருக்கும்" என்றான் அபிநந்தன், என் வகுப்புத் தோழன்.

சரிதான். ஆனால் எங்கள் வீட்டு இணைப்பில் ஒரு படம் ஏறுவதற்குள் காபி ஆறிவிடும். முசரவாக்கத்தில் அவன் வீட்டில் இணைப்பே இல்லை. திங்கள் காலை கல்லூரியில் முதல் கருத்தரங்கு எங்களுடையது. அது நடக்கும் கூடத்திலும் நெட் கிடையாது.

"ரெண்டு பேருமே ஓப்பன் ஆபீஸ்ல நெட் இல்லாமலே பண்ணலாம்பா. ஒரே ஃபாண்ட் போட்டுக்கலாம், பென் டிரைவ்ல மாத்திக்கலாம். ஞாயித்துக்கிழமை தேர் வேற."

"தேருக்கும் ஸ்லைடுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

சின்னக் காஞ்சிபுரத்தில் தேரோடும் தெருவில் வளர்ந்தவளுக்குக் கோபம் வராதா? அவன் லேப்டாப்பில் ஃபாண்டைப் போட்டுக் கொடுத்தேன்.

ஞாயிறு காலை எங்கள் வீட்டுக்கு வந்தவன் லேப்டாப்பைத் திறந்து, "என் பாதிய காலேஜ் லேப்ல பிரவுசர்லயே முடிச்சிட்டேன்" என்றான். ஸ்லைடு இருந்த இணையப் பக்கம் வரவில்லை. மறுபடி அழுத்தினான். வரவில்லை.

நான் ஜன்னலைத் திறந்தேன். தேருக்கு வழிவிட, ஏணியில் நின்றவர் தெருவின் குறுக்கே போன கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தார். நெட் வரும் எங்கள் போன் கம்பி ஏற்கெனவே சுவரோரம் சுருண்டு கிடந்தது. மின்விசிறியும் நின்றது.

"எப்போ திரும்ப மாட்டுவாங்க?"

"கரண்ட் சாயங்காலம் வந்துடும். போனு, அவங்களுக்கு எப்போ தோணுதோ அப்போ."

என் பென் டிரைவை அவன் முன்னால் வைத்தேன்.

"என் பாதி இதுல இருக்குது. உன் பாதிய முதல்லேர்ந்து அடி, பேட்டரி தீர்றதுக்குள்ள."