முழுமையான மொழிபெயர்ப்பு

எங்கள் முதலாளி க்ளென்னுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. காக்ஸ் டவுனில் பிறந்து வளர்ந்தவர். சண்டை போடுகிற அளவுக்குத் தமிழ் தெரியும், கடையில் பேரம் பேசுகிற அளவுக்குக் கன்னடம் தெரியும். இந்த இரண்டையும் மூலதனமாக வைத்து, ஜீவனஹள்ளிக்குப் பக்கத்தில், ஒரு பேக்கரியின் மாடியில் மொழிபெயர்ப்பு அலுவலகம் நடத்துகிறார். மொழிபெயர்ப்பது நான். சரிபார்ப்பது அவர். படிக்கத் தெரியாமல் எப்படிச் சரிபார்ப்பார் என்றுதானே கேட்கிறீர்கள்? முற்றுப்புள்ளிகளை எண்ணுவார்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எப்போதோ ஒரு வாடிக்கையாளர், ஒரு வரி விட்டுப்போனது என்று பணம் தராமல் போய்விட்டாராம். அன்றிலிருந்து ஒரு சட்டம். இடது பக்கம் மூலம், வலது பக்கம் மொழிபெயர்ப்பு, இரண்டு பக்கமும் வரிசை எண். மூலத்தில் பதினேழு வாக்கியம் என்றால் இங்கேயும் பதினேழு. பேனா முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணி, கணக்குச் சரியாக வந்தால் 'உண்மையான, முழுமையான மொழிபெயர்ப்பு' என்ற முத்திரையைக் குத்துவார். மளிகைச் சாமான் பட்டியலுக்கு அருமையான முறை. கடிதத்துக்கு ஆகாது என்று மூன்று வருடமாகச் சொல்லி என் தொண்டை வற்றியதுதான் மிச்சம்.

பதினேழு வாக்கியக் கடிதம் ஒன்று நிஜமாகவே வந்தது. எழுதியவர் ஆனேக்கல்லில் மரப்பெட்டி செய்யும் அய்யாவு. ஜிகணியில் இயந்திர பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனிக்கு ஒன்பது வருடமாகப் பெட்டி செய்து தருகிறவர். மழையில் மரம் காயாமல் ஒரு லோடு நான்கு நாள் தாமதமாகிவிட்டது. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் நேரமும் அதுவே. அதனால் பயந்துபோய்த் தமிழில் எழுதியிருந்தார். அந்தக் கம்பெனியில் சப்ளை செய்பவர்கள் தங்கள் தாய்மொழியில் எழுதலாம் என்று ஒரு பெருந்தன்மையான விதி உண்டு. ஆனால் அங்கே யாரும் அதைப் படிக்க மாட்டார்கள். எங்களுக்கு அனுப்பிவிடுவார்கள்.

நல்ல கடிதம். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமுடன் இருக்க இறைவனை வேண்டுகிறேன் என்று தொடங்கியிருந்தார். தாமதத்துக்கு மன்னிப்பு, இனி மரத்தை முன்கூட்டியே வாங்கி வைப்பதாக உறுதி, தங்களையே மலைபோல் நம்பியிருக்கிறோம் என்று ஒரு வரி. கடைசியில், "எங்கள் வயிற்றில் அடிக்க வேண்டாம். பதினான்கு குடும்பமும் நடுத்தெருவுக்கு வந்துவிடும்" என்று முடித்திருந்தார். தமிழில் ஒரு மனிதர் பணிந்து கேட்கும்போது இப்படித்தான் எழுதுவார்.

நான் அதை ஒழுங்காகவே ஆங்கிலமாக்கினேன். குடும்பத்தார் நலமும் இறைவனும் சேர்ந்து, ஆங்கிலக் கடிதங்களின் தொடக்கத்தில் வழக்கமாக வரும் ஒற்றை நல விசாரிப்பானார்கள். மலையை எடுத்துவிட்டு, இந்தத் தொழில் முழுக்க உங்கள் ஆர்டரைச் சார்ந்தது என்று எழுதினேன். வயிறும் தெருவும் சேர்ந்து, 'ஒப்பந்தம் போனால் பதினான்கு குடும்பங்கள் வாழ்வாதாரம் இழக்கும் என்பதால் தயவுசெய்து மறுபரிசீலனை செய்யுங்கள்' என்று ஒரே வரியானது. பணிவு குறையவில்லை. விஷயம் ஒன்றும் விட்டுப்போகவில்லை. வாக்கியம் மட்டும் பதினைந்து.

க்ளென் இரண்டு முறை எண்ணினார்.

"இன்னா மோனிகா, ரெண்டு சென்டென்ஸ் ஷார்ட் ஆவுதே. எங்க போச்சு?"

"எங்கயும் போகல சார். மீனிங் எல்லாம் உள்ளயே இருக்கு."

"மீனிங்க நான் எப்படி கவுன்ட் பண்றது? கிளையன்ட் கேட்டா இன்னா சொல்லட்டும்? சும்னே பேஜார் பண்ணாத. அவன் எழுதினத அப்படியே போட்டுக் குடு."

அன்று எனக்குக் கோபம் தலைக்கேறியது. அப்படியேதானே வேண்டும், இந்தா பிடி என்று உட்கார்ந்தேன். ஒரு சொல்லையும் விடாமல், கடித்துத் துப்பியதுபோல் தட்டினேன். 'டோன்ட் ஹிட் அஸ் இன் தி ஸ்டமக்.' 'ஆல் ஃபோர்ட்டீன் ஃபேமிலிஸ் வில் கம் டு தி மிடில் ஆஃப் தி ஸ்ட்ரீட்.' இதைப் படித்து அங்கே யாராவது சிரிக்கட்டும், க்ளென்னின் மானம் போகட்டும் என்று நினைத்தேன். கடிதம் க்ளென்னுடையது அல்ல, அய்யாவுடையது என்பது அந்த இருபது நிமிடத்தில் எனக்கு உறைக்கவே இல்லை. பதினேழும் சரியாக இருந்தன. முத்திரை விழுந்தது.

அடுத்த திங்கட்கிழமை கம்பெனியின் பதில், தமிழாக்கத்துக்காக என் மேஜைக்கே வந்தது. கொள்முதல் மேலாளர் ஷில்பா கையெழுத்திட்டிருந்தார். யாரும் சிரித்ததாகத் தெரியவில்லை. சட்டப் பிரிவைக் கூப்பிட்டிருந்தார்கள்.

எங்கள் ஊழியர்கள் தங்களை வயிற்றில் தாக்கியதாகத் தாங்கள் குறிப்பிட்டிருப்பதைக் கவலையுடன் கவனிக்கிறோம். பதினான்கு குடும்பங்களைத் திரட்டிச் சாலையை மறிக்கும் தங்கள் எண்ணத்தையும் கவனிக்கிறோம். மேலாளரின் குடும்பத்தாரைப் பற்றிய குறிப்பு எந்த நோக்கத்தில் எழுதப்பட்டது என்று விளக்கவும். விளக்கம் கிடைக்கும்வரை தங்கள் பெயர் நிறுத்தி வைக்கப்படுகிறது. வியாழக்கிழமை ஒப்பந்தக் குழு கூடுகிறது.

நலமாக இருங்கள் என்று வாழ்த்திய மனிதரை, வீட்டுக்கு ஆள் அனுப்புகிற ரவுடியாக்கியிருந்தேன்.

கடிதத்தில் இருந்த எண்ணுக்கு உடனே போன் செய்தேன். மரம் அறுக்கும் சத்தத்துக்கு நடுவே அய்யாவு பேசினார். மொழிபெயர்ப்பு அலுவலகத்திலிருந்து பேசுகிறேன், உங்கள் கடிதத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டார்கள் என்று சொல்லி, கம்பெனியின் பதிலைத் தமிழில் வாசித்தேன். யார் செய்த தப்பு என்பதை மட்டும் சொல்லவில்லை.

"இன்னாம்மா இது அநியாயமா இருக்குது? அந்தம்மா வூட்டாருங்க நல்லா இருக்கணும்னுதானம்மா எழுதினேன்? நான் இன்னாத்துக்கு ரோட்ட மறிக்கப் போறேன்?"

"தெரியுங்கய்யா. திருத்தி அனுப்பறோம். நீங்க சொல்ல வந்தது இதுதான்னு ஒரு வரி எழுதி, கையெழுத்து போட்டு வாட்ஸ்அப்ல அனுப்புங்க. போதும்."

"பசங்க பதினாலு பேரும் என் மூஞ்சியவே பாத்துக்கினு இருக்கறாங்கம்மா. ஏதாவது பாத்துச் செய்யுங்க."

பத்து நிமிடத்தில் கையெழுத்து வந்துவிட்டது. பழைய பதினைந்து வாக்கியப் பிரதி என் கணினியிலேயே இருந்தது. அதன் மேல் 'திருத்திய மொழிபெயர்ப்பு' என்று போட்டு, கீழே, முந்தைய பிரதியில் தமிழ் மரபுத்தொடர்கள் சொல்லுக்குச் சொல் பெயர்க்கப்பட்டிருந்தன, எழுதியவரின் கருத்து இதுவே என்று ஒரு குறிப்பும் சேர்த்தேன். முத்திரை விழுந்தால் அனுப்பிவிடலாம்.

க்ளென் முத்திரையை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார்.

"திருத்தம்னு அனுப்பினா, மொதல்ல தப்பா குத்தினோம்னு நாமளே ஒத்துக்கற மாதிரி ஆவுது. அப்புறம் எவன் வேலை குடுப்பான்?"

"தப்பாத்தான் சார் குத்தினோம்."

"எங்க தப்பு? பதினேழும் இருந்துச்சே! யோசிக்கலாம் இரு. நாளைக்குப் பாக்கலாம்."

செவ்வாய் முழுக்க யோசித்தார். அவர் யோசிப்பது என்றால் கீழே பேக்கரியில் பப்ஸ் சாப்பிடுவது. புதன்கிழமை ஒரு வக்கீல் நண்பரிடம் கேட்கப் போனார். அன்று மாலை நான் பொறுமையிழந்து, முத்திரை இல்லாவிட்டால் பரவாயில்லை, நானே ஷில்பாவுக்கு போன் செய்து யார் எப்படிச் சரிபார்த்தார் என்று சொல்கிறேன் என்றேன். முத்திரை உடனே வெளியே வந்தது. ஆனால் அங்கே அலுவலகம் மூடிவிட்டது. இந்த மிரட்டலைத் திங்கட்கிழமையே விட்டிருக்கலாம். எனக்கும் வேலை போய்விடுமோ என்று பயமாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

வியாழன் காலை மின்னஞ்சல் போனது. பதினொரு மணிக்கு ஷில்பாவே கூப்பிட்டார். கன்னடமும் ஆங்கிலமும் கலந்து இனிமையாகப் பேசினார். தமிழர்கள் இவ்வளவு கவித்துவமாக எழுதுவார்கள் என்று அவருக்குத் தெரியாதாம். வயிறு விஷயம் ரொம்ப ஸ்வீட்டாம். ஆனால் பாருங்கள், நிறுத்தி வைத்த பெயரைக் குழுவின் முன் வைக்க முடியாது, பட்டியல் நேற்றே முடிவாகிவிட்டது, அடுத்த ஆளுக்கு ஆர்டர் போகிறது. மற்றபடி அய்யாவு மீது அவர்களுக்கு எந்த வருத்தமும் கிடையாதாம்.

வருத்தமில்லை என்பதைத் தெரிவிக்கும் கடிதம் மதியமே வந்தது. ஆறு வாக்கியங்கள். விளக்கத்துக்கு மிக்க நன்றி. தங்களுடனான நீண்ட உறவைப் பெரிதும் மதிக்கிறோம். இந்த ஆண்டு தங்களுடன் தொடர இயலாத நிலைக்கு வருந்துகிறோம். தங்கள் விவரங்களை எங்கள் கோப்பில் வைத்துக்கொள்வதில் மகிழ்ச்சி. வருங்காலத்தில் தங்களுடன் பணியாற்ற ஆவலுடன் எதிர்நோக்குகிறோம். எப்போது வேண்டுமானாலும் எங்களைத் தொடர்புகொள்ளத் தயங்க வேண்டாம்.

ஆங்கிலத்தில் இதற்கு அர்த்தம் 'கிடையாது' என்பதுதான். மீதியெல்லாம் கதவைச் சத்தமில்லாமல் சாத்துகிற மரியாதை. இதையே சொல்லுக்குச் சொல் தமிழில் போட்டால், பணியாற்ற ஆவலாக இருக்கிறார்கள், தயங்காமல் வரச் சொல்கிறார்கள் என்றாகிவிடும். அய்யாவு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஜிகணி கேட்டில் போய் நிற்பார். அங்கே ஏற்கெனவே அவர் சாலை மறிக்கிறவர். பதினான்கு பேரும் வேறு வேலை தேடாமல் காத்திருப்பார்கள்.

நான் நான்கு வாக்கியம் எழுதினேன். தங்கள் விளக்கம் கிடைத்தது, நன்றி. இந்த ஆண்டு ஒப்பந்தத்தைத் தங்களுக்கு வழங்க இயலவில்லை என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம். இத்தனை ஆண்டு தாங்கள் அளித்த ஒத்துழைப்பை என்றும் மதிக்கிறோம். பின்னர் தேவை ஏற்படுமானால், எங்களிடமுள்ள தங்கள் விவரங்களையும் கருத்தில் கொள்வோம்.

க்ளென் எண்ணினார். பேனா நான்காவது புள்ளியில் நின்றது. என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். முத்திரையைக் குத்தினார்.

மறுநாள் அய்யாவு போன் செய்தார். பின்னால் அறுக்கிற சத்தம் கேட்கவில்லை.

"லெட்டர் வந்துச்சும்மா. பசங்ககிட்ட சொல்லிட்டேன். நாலு பேரு இன்னிக்கே ஓசூருக்கு வேலை கேட்டுப் போயிட்டானுங்க. சுத்தி வளைக்காம, மனசும் நோவாம எழுதியிருக்குது. நீங்க எழுதினதாம்மா?"

"ஆமாங்கய்யா."

"அந்த மொத லெட்டரையும் உங்ககிட்டயே குடுத்திருக்கலாம்மா. வேற யாரோ இங்கிலீஷ்ல எழுதிட்டாங்க."

நான்தான் எழுதினேன் என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை.

"நீங்களும் வூட்ல எல்லாரும் நல்லா இருக்கணும்மா" என்று சொல்லிவிட்டு அவர் போனை வைத்தார்.