ஏழு நாள் இணைப்பு

பல் டாக்டரின் புதுக் கிளினிக்கை எதிர்க் கம்பெனிக்காரன் கட்டிக்கொண்டிருக்கிறான் என்ற செய்தியை முதலாளி சாதாரணமாகத்தான் சொன்னார். அடுத்து சொன்னதுதான் அவளை நிமிர்ந்து பார்க்க வைத்தது.

"வாஷ்பேசின் கதவுக்குப் பின்னாடி இருக்கும்மா. கதவைத் திறந்தா இடிக்குது. நீ வரைஞ்ச அதே தப்பு."

கிளினிக்குகளுக்கும் கடைகளுக்கும் உள் அலங்கார வேலை செய்யும் அந்த அலுவலகத்தில் வரைபடம் போடுவது அவள்தான். அந்தத் தப்பைத் திருத்துவதற்குள் டாக்டர் வேலை வேண்டாமென்று சொல்லிவிட்டார். நல்ல யோசனையைத் திருடினால்கூடப் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். தப்பைத் திருடினால் யாரிடம் போய்ச் சொல்வது?

"உங்க வீட்டுக்காரர் அங்கதானே சேல்ஸ்ல இருக்கார்?" என்றார் முதலாளி. "நான் ஒண்ணும் சொல்லல. திங்கட்கிழமை எனக்கு ஒரு பதில் வேணும்."

ஒன்றும் சொல்லாமலே எல்லாவற்றையும் சொல்லிவிடும் வித்தை முதலாளிகளுக்கு மட்டும் எங்கிருந்துதான் வருமோ!

தன் இருக்கைக்கு வந்து, வரைபடக் கோப்பைத் திறந்து பார்க்க டாக்டருக்கு அனுப்பிய இணைப்பின் பதிவை, அதாவது அந்த லிங்க்கை யார் எப்போது திறந்தார்கள் என்ற கணக்கை, எடுத்துப் பார்த்தாள். எல்லாம் முறைப்படிதான் செய்திருந்தாள். இணைப்பு மெயிலில் போனது, பாஸ்வேர்டைப் போனில் சொன்னாள், ஏழாம் நாள் இணைப்பு தானாகவே மூடிக்கொண்டது. பதிவில் இரண்டே வரிகள் இருந்தன. செவ்வாய் பதினொன்று இருபதுக்கு ஒரு தடவை பார்த்திருக்கிறார்கள். அதே நிமிடம் ஒரு தடவை கோப்பை டவுன்லோட் செய்து இறக்கியிருக்கிறார்கள். டாக்டர் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான் என்று மூடிவிட்டாள். இணைப்பு சுத்தம் என்றால் கசிந்தது வேறெங்கிருந்து? வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் திறந்தே கிடக்கும் அவளுடைய லேப்டாப்பிலிருந்துதான்.

சந்தேகம் வந்துவிட்டால் மனுஷன் தும்முவதில்கூடத் திருட்டுத்தனம் தெரியும். சமீப காலமாகக் கணவன் போனைக் கவிழ்த்து வைப்பது நினைவுக்கு வந்தது. "இந்த வாரம் ஒரு நல்ல ஆர்டர்" என்று சிரித்தது நினைவுக்கு வந்தது. எந்த ஆர்டர் என்று கேட்டபோது பேச்சை மாற்றினானே, அதுவும் வந்தது. வெள்ளிக்கிழமை முழுவதும் அவள் வேலை பார்க்கவில்லை, கணவனைத்தான் விசாரித்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை காலை பொறி வைத்தாள். ஒரே ஒரு வரி எழுதிய கோப்புக்கு 'புது கிளினிக் – இறுதி வரைபடம்' என்று பெயர் வைத்து, ஏழு நாள் கெடுவும் பாஸ்வேர்டும் போட்டு இணைப்பு செய்தாள். அதைக் கணவனின் போனுக்கே அனுப்பி, 'சாரி, கஸ்டமருக்கு அனுப்ப வேண்டியது, பாக்காதீங்க' என்று கீழே எழுதினாள். பிறகு படுக்கையறையில் நின்று, யாருமே இல்லாத போனில், கூடத்துக்குக் கேட்கும்படி பாஸ்வேர்டை எழுத்தெழுத்தாக ஒப்பித்தாள்.

பத்து நாற்பத்திரண்டுக்குப் பதிவில் ஒரு வரி விழுந்தது. பாஸ்வேர்ட் சரி, கோப்பு திறக்கப்பட்டது. அந்த இணைப்பு உலகத்திலேயே ஒருவரிடம்தான் இருந்தது. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கையும் களவுமாகப் பிடித்ததில் துளி சந்தோஷம்கூட இல்லை.

அடுத்த வரி விழுகிறதா என்று பார்க்காமல் கூடத்துக்கு வந்தாள். அவன் போனை மேஜைமேல் வைத்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"திறந்தீங்க இல்ல?"

"திறந்தேன். இத்தனை வருஷத்துல நீ ஒரு தடவைகூட பாஸ்வேர்ட சத்தமா சொன்னதில்ல. எனக்காகத்தான் கத்துறேன்னு தெரிஞ்சுது. நீ எனக்கு என்ன வெச்சிருக்கேன்னு பாத்தேன்."

"அப்போ பல் டாக்டர் படம்?"

"அவரே எங்க ஆபீசுக்கு மெயில்ல அனுப்பினார். இதே மாதிரி கம்மி விலைக்குப் பண்ணிக் குடுங்கன்னு. எங்க ஆளு வாஷ்பேசினைக்கூட நகத்தாம அப்படியே போட்டுட்டான்."

இறக்கியது ஒரு தடவை. அந்த வரியை அவள் கண்ணால் பார்த்தாள், மண்டையில் ஏறவில்லை. மூடிக்கொண்டது இணைப்புதான். டாக்டர் இறக்கி வைத்துக்கொண்ட கோப்புக்குக் கெடுவும் இல்லை, பாஸ்வேர்டும் இல்லை. அதை அவர் யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். இறக்க முடியாதபடி தடுக்கும் வசதியை அவள் தொடவே இல்லை.

"ஏங்க, இதை என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"ரெண்டு பேரோட ஆபீஸ் விஷயமும் வீட்டுக்குள்ள வரக்கூடாதுன்னு சொன்னது யாரு? நான் வாயை மூடிட்டிருந்தேன். நீ எனக்குப் பொறி வெச்சுட்ட."

அவளுக்கு வெட்கம் காதுவரை சுட்டது. திங்கட்கிழமை முதலாளிக்குச் சொல்லப் பதில் கிடைத்துவிட்டது, இவனுக்குச் சொல்லத்தான் ஒன்றுமில்லை. அவசர அவசரமாக லேப்டாப்பை இழுத்து, பொறி வைத்த இணைப்பையும் கோப்பையும் நீக்கினாள்.

"அழிச்சுட்டேங்க. இனிமே அதை யாராலயும் திறக்க முடியாது."

அவன் போனை எடுத்து அவள் பக்கம் திருப்பினான். பாஸ்வேர்ட் எதுவும் கேட்காமல், அவள் எழுதிய அந்த ஒற்றை வரி திரை முழுக்க நின்றது: 'மாட்டிக்கிட்டீங்க.'

"நான் இறக்கி வெச்சுட்டேன்" என்றான்.