மணி அடித்தால் அடுத்த கேள்வி

எருக்கலம்பிட்டி றிப்கா கணக்கியல் டிப்ளோமாவில் எல்லாப் பாடத்தையும் தாண்டிவிட்டு நிதிக் கணக்கியலில் கோட்டை விட்டாள். சித்தியடைய நாற்பது புள்ளி வேண்டும். அவள் எடுத்தது முப்பத்தொன்று. துணைப் பரீட்சைக்கு இன்னும் பத்து நாள்தான் இருந்தது. பள்ளிமுனையில் நண்டு ஏற்றுமதி செய்யும் கம்பெனியொன்று கணக்கு எழுதும் வேலையை அவளுக்கென்று பிடித்து வைத்திருந்தது. அதுவும் இந்த முடிவு வரும்வரைதான். இதிலும் கவிழ்ந்தால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும்.

ஆகவே றிப்கா முழுமூச்சாக இறங்கினாள். படிப்பில் அல்ல, நேர அட்டவணை போடுவதில். ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் ஒரு நிறம், தொழுகைக்கு ஒரு நிறம், தேநீருக்குக்கூட ஒரு நிறம். முதல் நாள் முழுக்க அதிலேயே போயிற்று. அலுமாரிக் கதவில் ஒட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தபோது பாதிப் பாடம் முடிந்துவிட்டதுபோல ஒரு நிம்மதி வந்தது. இப்படியொரு திறமைசாலியை எப்படி பெயிலாக்கினார்கள் என்று அவளுக்கே புரியவில்லை.

மறுநாள் வேணுஜா வந்தாள். கூடப் படித்தவள், எல்லாவற்றையும் ஒரே தடவையில் முடித்தவள். அட்டவணையை நின்று வாசித்தாள்.

"முதல் ரெண்டு நாளும் இரட்டைப் பதிவா? அது உனக்கு நித்திரையிலயும் வருமேடி."

"அடித்தளம் பலமா இருக்கோணும்தானே?"

"காசுப்பாய்ச்சலும் விகிதமும் கடைசி நாளில கிடக்கு. சரி, போன சோதினையில எத்தினை கேள்வி செய்தனீ?"

"மூண்டு."

"அஞ்சும் செய்யவேணும். மற்ற ரெண்டும்?"

"முதலாவதுல ஐந்தொகைட ரெண்டு பக்கமும் சமப்படல்ல. வித்தியாசத்தத் தேடித் தேடி நேரம் போயிட்டு. அப்புடியே விட்டுட்டு எப்புடிப் போறது?"

வேணுஜா கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "ரெண்டு கேள்விக்கு நாப்பது புள்ளி, அதைத் தொடாமலே வந்திருக்கிறாய். ஐந்தொகை சமப்படாட்டிலும் செய்கைக்குப் புள்ளி போடுவினம். செய்யாத கேள்விக்கு ஆர் போடுறது?"

றிப்காவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. தெரிந்ததையே துடைத்துத் துடைத்து வைத்துவிட்டுத் தெரியாததைக் கடைசிக்குத் தள்ளியிருக்கிறாள். அட்டவணையும் அவளைப்போலவேதான் இருந்தது.

வேணுஜா அன்றே பழைய வினாத்தாள் ஒன்றை வைத்து அவளை மூன்று மணித்தியாலம் எழுதவைத்தாள். புள்ளி எங்கே நழுவுகிறது என்று பார்த்த பிறகுதான் புதுத் திட்டம் வந்தது. காலையில் காசுப்பாய்ச்சலும் விகிதமும். பின்னேரம் பழைய கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் முப்பத்தாறு நிமிடம். போனில் மணி அடித்தால் பேனையைத் தூக்கி அடுத்த கேள்விக்குப் போகவேண்டும். கடைசி நாளில் புதிதாக எதுவும் இல்லை, விட்ட பிழைகளை மட்டும் பார்ப்பது.

காசுப்பாய்ச்சல் அவள் பயந்த அளவுக்குப் பொல்லாததாக இல்லை. மணிதான் உயிரை எடுத்தது. சமப்படாத ஐந்தொகையை விட்டு எழுந்தால் அவளுக்குச் சோறு இறங்காது. ஒருநாள் அந்தத் தாளைக் குசினிக்குக் கடத்திக்கொண்டுபோய், மீன் கழுவுகிற சாட்டில் கணக்குப் பார்த்தாள். உம்மா நசீறா மீனைப் பறித்துக்கொண்டார். வித்தியாசம் பிடிபட்டது, இன்னும் கட்டாத அட்டுறு வாடகையை ஒரு பக்கத்தில் எழுதாமல் விட்டிருக்கிறாள். வெற்றியோடு வேணுஜாவுக்குப் போன் எடுத்தாள்.

"எவ்வளவு நேரம் தேடினனீ?"

"ஒரு மணித்தியாலம் இருக்கும்."

"அதுக்கு ரெண்டு புள்ளி. அந்த நேரத்தில ஒரு முழுக் கேள்வி செய்திருப்பாய்."

பரீட்சை மண்டபத்தில் றிப்கா காசுப்பாய்ச்சலில் தொடங்கி, விகிதத்தை முடித்து, மூன்றாவதாக ஐந்தொகைக்கு வந்தாள். சமப்படவில்லை. எங்கோ சின்னதாக ஒன்று கிடந்து அவளைப் பார்த்துச் சிரித்தது. சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள், அந்தக் கேள்வியின் நேரம் முடிந்திருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தாளைப் புரட்டினாள். கடைசிக் கேள்வி முடியவும் மண்டப மணி அடிக்கவும் சரியாக இருந்தது. கடலுக்கு நடுவே போகும் தாம்போதியால் வீடு திரும்பும்போது பஸ்ஸுக்குள் அழுகை வந்தது, கடற்காற்று கண்ணில் பட்டதென்று பக்கத்தில் இருந்தவருக்குச் சொன்னாள்.

ஐம்பத்துநான்கு புள்ளி வந்தது. உம்மா அட்டவணையை அலுமாரியில் இருந்து கிழிக்க விடவில்லை, அழகாக இருக்கிறதாம்.

வேலைக்குப் போன முதல் நாள், முகாமையாளர் யாகப்பர் தாள்கள் பிதுங்கும் ஒரு கணக்குக் கோவையைக் கொண்டுவந்து, மற்றக் கோவைகளுக்குப் பக்கத்தில் மேசையில் வைத்தார்.

"பிள்ளை, இந்த வருசக் கணக்குச் சமப்படேல்லை. முந்தி இருந்தவர் அப்பிடியே விட்டுட்டுப் போட்டார். எங்க பிழையெண்டு பாருங்கோ."

"எவ்வளவு நேரத்துல சேர்?"

"நேரமென்ன நேரம். கண்டுபிடிக்கும்வரைக்கும் வேற ஒண்டையும் தொடாதேங்கோ."

றிப்கா பேனையைத் திறந்தாள். முப்பத்தாறாவது நிமிடத்தில் கை தானாகவே அடுத்த கோவையைத் தேடியது. அந்தக் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.