எங்கட நேரம்

1996ஆம் ஆண்டு இலங்கையில் இரண்டு நேரங்கள் நடந்தன. மே மாதத்தில், மின்சாரத்தை மிச்சப்படுத்தவென்று அரசாங்கம் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்தள்ளி வைத்தது. வவுனியா அதன்படி நடந்தது. சோதனைச்சாவடிக்கு அப்பால், அரசாங்கத்தின் கட்டுப்பாட்டில் இல்லாத வன்னி பழைய நேரத்திலேயே இருந்தது. இந்தப் பக்கத்தில் நின்று அதைப் பழைய நேரம் என்று சொன்னால் ஆமிக்காரன் ஒரு மாதிரிப் பார்ப்பான். அந்தப் பக்கத்தில் நின்று இதைப் புது நேரம் என்றால் அங்கேயும் அதே பார்வைதான். ஆகவே வானொலித் தொடர்பில் இரண்டு பக்கத்தாரும் "எங்கட நேரம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டார்கள்.

பிரஷாந்தினி வவுனியாவில் ஒரு தொண்டு நிறுவனத்தின் திட்ட இணைப்பாளர். மாங்குளத்துக்கு மேற்கே ஒரு குளத்திலிருந்து வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் துருசு இடிந்துபோயிருந்தது. கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்த சனம் அந்தக் குளத்தை நம்பித்தான் விதைக்க இருந்தது. துருசைக் கட்டும் பொறுப்பு அப்புத்துரையுடையது. வரைபடம் போட்டவள் நெதர்லாந்தில் இருந்த மரைக்கே என்ற பொறியியலாளர். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் ஒருநாளும் ஒரே அறையில் கண்டதில்லை.

வேலை இப்படித்தான் கைமாறியது. மரைக்கே தன் ஊர் நேரம் காலை ஒன்பதுக்குக் கந்தோருக்கு வேலைக்கு வரும்போது வவுனியாவில் பிற்பகல் ஒன்றரை. பிரஷாந்தினி செய்மதித் தொலைபேசியில் அவளுடன் கதைப்பாள். பிறகு வவுனியாவின் இரண்டு மணிக்கு, அப்புத்துரையின் ஒரு மணிக்கு, வானொலியில் அவருக்குப் பதிலைக் கொடுப்பாள். அந்த அலைவரிசையைப் பல நிறுவனங்கள் பங்குபோட்டிருந்தபடியால் இவர்களுக்குக் கால்மணி நேரம்தான்.

வெள்ளிக்கிழமை அப்புத்துரை கூப்பிட்டார்.

"பிள்ளை, வலது பக்க அத்திவாரத்துக்குள்ள வெறும் களிமண். காலை வைச்சாப் புதையுது. இடது பக்கம் நல்ல இறுக்கம். என்ன செய்யிறது எண்டு அந்த இஞ்சினியர் அம்மாவைக் கேளுங்கோ. ஓவர்."

மரைக்கே சனி ஞாயிறில் கணக்குப் பார்த்துத் திங்களன்று சொல்வதாகச் சொன்னாள். அதற்கு மேல் பொறுக்க முடியாது. மழை தொடங்கிவிட்டது. எத்தனையோ கடிதம் எழுதி, கெஞ்சி, அனுமதி எடுத்துக் கொண்டுபோன சீமெந்து ஈரத்தில் கட்டிபட்டுக்கொண்டிருந்தது.

"திங்கள் பதில் தருவன், அண்ணை. என்ரை சத்தம் கேக்காட்டி இருக்கிற படத்தின்படியே கொங்கிறீற்றைப் போடத் தொடங்குங்கோ" என்றாள் பிரஷாந்தினி. அப்போது அது புத்தியான பேச்சாகத்தான் அவளுக்குப் பட்டது.

சனிக்கிழமை அரசாங்கம் மறுபடியும் மணிக்கூட்டில் கைவைத்தது. இந்த முறை அரை மணித்தியாலம் பின்னுக்கு.

திங்களன்று பிரஷாந்தினி கடதாசியில் கூட்டிக் கழித்துப் பார்த்தாள். எங்கள் மணிக்கூடுதான் அரை மணித்தியாலம் பின்னுக்கு வந்தது, அவர்களுடையது அசையவில்லை, ஆகவே மரைக்கேயை ஒரு மணிக்கும் அப்புத்துரையை ஒன்றரைக்கும் பிடிக்க வேண்டும். சரியாக ஒரு மணிக்குத் தொலைபேசியை எடுத்தாள். மறுமுனை வேறு அழைப்பில் இருக்கிறது என்று சொல்லும் பீப் பீப் சத்தம். வைத்தாள். எடுத்தாள். அதே சத்தம். ஒன்பது மணிக்கு வந்தவுடனேயே இந்த மனிசி யாரோடு அலட்டுகிறாள் என்று எரிச்சல் வந்தது.

மரைக்கே கதைத்துக்கொண்டிருந்தது ஒருவரோடும் இல்லை. தான் முந்தியே வந்துவிட்டதைச் சொல்ல அவள் வவுனியாவுக்கு எடுத்துக்கொண்டிருந்தாள். ஐரோப்பாவில் அந்த ஞாயிறுதான் குளிர்கால நேரத்துக்காக மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்தள்ளினார்கள். பிரஷாந்தினிக்குச் சிரமம் வரக்கூடாதென்று அவள் எட்டு மணிக்கே கந்தோருக்கு வந்துவிட்டாள். இலங்கையும் மாற்றியது அவளுக்குத் தெரியாது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒருவரையொருவர் அழைத்து, இரண்டு பேரும் ஒருவரையொருவர் மறித்துக்கொண்டு நின்றார்கள்.

ஒன்றரையானதும் பிரஷாந்தினி வெறுங்கையுடன் வானொலிக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். பதில் இல்லாவிட்டாலும் பொறுங்கோ என்றாவது சொல்லலாம்.

"அப்புத்துரை அண்ணை, கேக்குதோ? ஓவர்."

இரைச்சல் மட்டும். பத்து நிமிடம் கூப்பிட்டாள். பக்கத்து அறையில் தொலைநகல் இயந்திரம் கீச்சிட்டது. ஓடிப்போய்ப் பார்த்தாள். தொலைபேசியில் தோற்ற மரைக்கே எழுதி அனுப்பியிருந்தாள்: வலது பக்கத்தில் தொடவேண்டாம், களியைத் தோண்டி எடுத்துக் கருங்கல் நிரப்பிய பிறகே கொங்கிறீற்.

பதில் கையில் இருந்தது. கேட்க ஆளில்லை. அவர்களுடைய கால்மணி முடிந்து, இன்னொரு நிறுவனத்தார் மருந்துப் பெட்டிகளைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார்கள். எங்கே பிழைத்தது? தான் பிந்தினாளா, முந்தினாளா? சுவர் மணிக்கூட்டையும் கைக்கடிகாரத்தையும் மாறிமாறிப் பார்த்தாள். இரண்டும் ஒன்றைத்தான் காட்டின. ஆனாலும் இரண்டையும் நம்ப முடியவில்லை.

தொலைநகலைச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு சைக்கிளில் அடுத்த தெருவில் இருந்த அந்த நிறுவனத்துக்குப் பறந்தாள். அவர்களுடைய ஆளைக் கொண்டாவது குளத்தடிக்குச் சொல்லி அனுப்பலாம் என்று நினைத்தாள். உள்ளே நுழைந்தபோது அவர்களுடைய வானொலிப் பெட்டிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"வவுனியா, வவுனியா, பிள்ளை நிக்கிறியளோ? ஓவர்."

"ஐயோ, அது எங்கட ஆள்!" என்று ஒலிவாங்கியைக் கிட்டத்தட்டப் பறித்தாள். "அண்ணை, எங்க போனியள்? நான் உங்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் களைச்சுப்போனன். ஓவர்."

"நான் நேரத்துக்குத்தானே வந்தனான்! உங்கட மணிக்கூட்டை அரை மணித்தியாலம் பின்னுக்கு வைச்சதெண்டு வாற வழியிலதான் நியூசில கேட்டனான். அதால நீங்கள் அரை மணி பிந்தித்தான் இருப்பியள் எண்டு நானும் பிந்தி வந்தன். ஓவர்."

"அண்ணை, நானும் உங்களுக்காகத்தான் மாத்தினனான்!"

பிறகு அவள் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள்: "வலது பக்கம் போடக்கூடாது. களியை எடுத்துக் கல்லு நிரப்ப வேணும். ஓவர்."

"ஐயோ பிள்ளை. நான் திரும்பி வராட்டி ரெண்டு மணிக்குத் தொடங்கச் சொல்லி மேசன் ஆண்டியப்பனுக்குச் சொல்லிப்போட்டெல்லோ வந்தனான். இப்பவே ஒண்டரை தாண்டீட்டுது, ரெண்டுக்கு முந்திப் போய்ச் சேரேலாது."

அவர் ஒலிவாங்கியை வைத்துவிட்டு ஓடினார். வானொலி இருந்த இடத்திலிருந்து குளத்தடிக்குச் சேற்று வழியில் நல்ல தூரம். பிரஷாந்தினி அந்த அந்நியக் கந்தோரில் ஒரு கதிரையில் இருந்து அவர்கள் தந்த தேத்தண்ணியை ஆறவிட்டாள். மாலையில்தான் மறுபடியும் அப்புத்துரையின் குரல் வந்தது.

"இடது பக்கத்தை முடிச்சிட்டினம். வலது பக்கத்துக்குக் குழைச்சுக்கொண்டு நிண்டவை. குழைச்சது வீண்தான். ஆண்டியப்பன் அதைக் கொண்டுபோய் வேலையாக்களின்ர கொட்டிலுக்குத் தரையாப் போட்டிட்டான். மிச்சச் சீமெந்து காணுமோ தெரியேல்லை. ஓவர்."

"பிழை என்னில, அண்ணை. சத்தமில்லாட்டிச் செய்யுங்கோ எண்டு நான் சொல்லியிருக்கக்கூடாது. இனி என்ரை சத்தம் இல்லாட்டி ஒண்டும் செய்யாதேங்கோ."

"ரெண்டு பேரிலயும்தான். நானும் ஆண்டியப்பனுக்கு அதையேதானே சொல்லிப்போட்டு வந்தனான்."

மறுநாள் தொலைபேசியில் மரைக்கேயின் கதையைக் கேட்டதும் பிரஷாந்தினிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மூன்று பேரும் மற்றவருக்கு உதவவென்றே தங்கள் நேரத்தை மாற்றியிருந்தார்கள். ஒருவராவது அதை மற்றவருக்குச் சொல்லவில்லை. இனி ஒருவருடைய நேரமும் வேண்டாம், கிரீன்விச் நேரத்தை வைத்துக்கொள்வோம் என்று தீர்மானித்தார்கள். இலண்டன் வானொலி இருபக்கமும் கேட்கிறது. அதைப் பார்த்து எந்தச் சாவடியிலும் ஒருவரும் முகம் சுளிக்கமாட்டார்கள்.

வலது பக்கம் கல் நிரப்பி, சீமெந்துக்குச் சிக்கனம் பார்த்து, நினைத்ததைவிடக் குட்டையாக ஒரு மதிலுடன் துருசு முடிந்தது. அது தாங்குமா என்று மரைக்கே கார்த்திகை முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தாள். தாங்கியது. பக்கவாட்டில் கொஞ்சம் கசிந்தது. அந்தக் கசிவில் யாரோ கீரை போட்டிருப்பதாக அப்புத்துரை சொன்னார்.

பிரஷாந்தினிக்குத்தான் தெளிவு வரவில்லை. கிரீன்விச் நேரத்தில் வேலை செய்து, வவுனியா நேரத்தில் சாப்பிட்டு, வன்னி நேரத்தை மனதில் வைத்திருந்தாள். ஒருநாள் பஸ் தரிப்பில் ஒரு பெண் நேரம் கேட்டபோது அவள் வாயைத் திறந்து, மூடி, "யாற்றை நேரம் அக்கா?" என்று கேட்டுவிட்டாள். அந்தப் பெண் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தள்ளிப்போய் நின்றாள்.