பூனை முடி

செத்தவர்கள்தான் ஆவியாக வருவார்கள் என்று யார் சொன்னது? சஃபியா தாராபுரத்தில் புருஷனோடு உயிரோடுதான் இருக்கிறாள். ஆனாலும் சிங்காநல்லூரில் மிஸ்பாவின் பார்லர் கண்ணாடிக்குள் இரண்டு வருஷமாக வந்து உட்கார்ந்துகொள்கிறாள். பிளேடின் உறையைப் பிரித்தால் போதும், நாற்காலியில் இருக்கும் பெண்ணின் முகம் மங்கி, சஃபியாவின் சிவந்த கன்னங்கள் தெரியும்.

சஃபியா மிஸ்பாவின் சித்தி மகள். அவள் நிக்காஹுக்கு முந்தின நாள், முகப்பரு பழுத்திருந்த கன்னத்தில் மிஸ்பா பிளேடு வைத்துப் பூனை முடி எடுத்தாள். விடிவதற்குள் கன்னம் புண்ணாகிவிட்டது. தழும்பு ஆறு மாதத்தில் மறைந்தது. கல்யாண ஆல்பத்தை மட்டும் அந்த வீட்டில் யாரும் திறப்பதில்லை. சொந்தபந்தம் கேட்டபோது மிஸ்பா ஒரே பாட்டைப் பாடினாள்: "அவ தோலே அப்படி. வலிக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா நிறுத்திருப்பேன்ல?" அதிலிருந்து சஃபியா அவளோடு பேசுவதில்லை.

இன்று நாற்காலியில் நவ்யா. ஐந்து நாளில் கல்யாணம். பக்கத்திலேயே அவள் அம்மா கோமளா காவல் இருந்தாள்.

"ஏனுங்க மிஸ்பா, பிளேடு வெச்சா தாடியாட்டம் மொளைக்குமாமா?"

"அதெல்லாம் சும்மா சொல்றதுங்க. வேரு உள்ள இருக்குது, பிளேடு மேலதான் வெட்டுது. நுனி மொட்டையா இருக்கறதால கொஞ்ச நாளு தொட்டா சொரசொரன்னு இருக்கும். அதே முடிதான் வரும், தடிக்காது, கறுக்காது."

"அப்ப எதுக்குங்க எடுக்கறது?"

"முடி இருந்தா பவுண்டேஷன் அது மேலயே நிக்கும். கேமரா லைட்டுல திட்டுத்திட்டாத் தெரியும்ங்க."

பிறகு நவ்யாவிடம் கேட்டாள். பரு இருக்கிறதா, உதட்டில் கொப்புளம் வருமா, மாத்திரையோ ராத்திரி கிரீமோ ஏதாவது?

"ஒண்ணுமில்லீங்கக்கா." நவ்யாவின் கண் அம்மா பக்கம் போய்த் திரும்பியது.

மிஸ்பா அவள் முகத்தைத் துடைத்துக் காயவிட்டாள். புது பிளேடு. காதோரத் தோலை இழுத்துப் பிடித்து, பிளேடைச் சாய்த்து, முடி வளரும் பக்கமாகச் சின்னதாய் ஓர் இழுப்பு. வெள்ளைத் தூசி போல முடி வந்தது. கண்ணாடியில் சஃபியா வந்துவிட்டாள். 'போய்த்தொலை' என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே இரண்டாவது இழுப்பு.

"அக்கா, எரியுது."

கை அப்படியே நின்றது. "கண்ணு, எரியுதா?"

"நான் ஒண்ணுமே சொல்லலீங்களே."

மிஸ்பா கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தாள், சஃபியா இன்னும் அங்கேயே இருந்தாள். ஆனால் நவ்யாவின் விரல்கள் நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்திருந்தன. பிளேடு போன இடம் கோடு கிழித்தது போலச் சிவந்திருந்தது. விளக்கை இழுத்துப் பார்த்தாள். மூக்கோரம் தோல் பொடிப்பொடியாய் உரிந்திருந்தது.

"அம்மா, நீங்க கொஞ்சம் வெளிய இருங்க."

கதவு சாத்தியதும் நவ்யாவின் கண் நிறைந்தது. "பருவுக்கு டாக்டரு குடுத்த கிரீமுங்க. ராத்திரி ராத்திரி போடறேன். அம்மாவுக்குத் தெரியாது. தெரிஞ்சா மாப்ள ஊட்ல என்ன நெனப்பாங்களோன்னு ஒரே ரகளை பண்ணும்."

"அந்தக் கிரீமு போட்டா தோலு மெலிஞ்சு போயிருக்கும் கண்ணு. இதுக்கு மேல பிளேடு வெச்சா உரிஞ்சுக்கும்."

பிளேடை, ஊசி பிளேடு போடும் குப்பை டப்பாவில் போட்டாள். கோமளா உள்ளே வந்து குதித்தாள்.

"அரகொறையா உட்டா எப்படிங்க?"

"தோலு காஞ்சிருக்குதுங்க, எடுக்கக் கூடாது. நல்லா மாய்ஸ்சரைசர் போட்டு, முடி படிஞ்ச பக்கமாவே மேக்கப்ப லேசா ஒத்துனா நிக்கும், அது என் பொறுப்பு. நாளைக்கு நலங்குல இந்தப் பக்கம் மஞ்சள் தேய்க்க வேண்டாம். வெயில்ல போனா சன்ஸ்கிரீன்." கிரீமைப் பற்றி அவள் வாய் திறக்கவில்லை.

முணுமுணுத்துக்கொண்டே கோமளா கார் சாவியைத் தேடினாள். நவ்யா மெதுவாகக் கேட்டாள்.

"நான் சொல்லாமயே எப்படிங்கக்கா தெரிஞ்சுது?"

"இன்னொருத்தி சொன்னா கண்ணு."

அவர்கள் போனதும் கடைக் கதவைச் சாத்தினாள். போனில் இரண்டு வருஷமாகத் தொடாத எண்ணை அழுத்தினாள். அந்தப் பக்கம் எடுத்தார்கள்.

"சஃபியா, நான்தான். நீ அன்னிக்கு எரியுதுன்னு சொன்னே. ரெண்டு தடவ சொன்னே. சும்மா இரு, ஆச்சுன்னு சொல்லி நான்தான் இழுத்தேன். எல்லார்கிட்டயும் பொய் சொல்லிட்டேன்."

அந்தப் பக்கமிருந்து அழுகை வந்தது.

"நெசமாவே சொன்னேனாக்கா? நீ அடிச்சுச் சொல்லச் சொல்ல, நான் சொல்லவே இல்லபோலன்னு இத்தன நாளும் நெனச்சுட்டிருந்தேன்."