கையெழுத்தில் தொடங்கும் சீன்

"டைட்டில்ல என் பேர் வரணும் சார். திரைக்கதைன்னு போட்டு, உங்க பேருக்குக் கீழ."

கேட்டேவிட்டாள். உதவி இயக்குநராகச் சேர்ந்த அன்றே இணை இயக்குநர் அண்ணன் காதோடு சொல்லியிருந்தார்: "இங்க சோறு கேளு, லீவு கேளு. பேரை மட்டும் கேட்டுடாதே." இப்போது அவர் லேப்டாப்புக்குள் தலையைப் புதைத்துக்கொண்டார்.

"பட்டதாரிக்குக் கோவம்," என்று சிரித்தார் இயக்குநர். "முதல்ல நாப்பத்திரண்டாவது சீனைப் படி."

இடைவேளைக்கு முன் படம் நொண்டும் இடம் அது. மகளைக் கல்லூரி விடுதியில் சேர்க்க வருகிறார், மூட்டை தூக்கும் அப்பா. பஸ், வழி கேட்பது, வரிசை, கையெழுத்து, வாசலில் பிரிவு என்று ஐந்து பக்கம். அவள் வாழ்ந்ததைத்தான் எழுதியிருந்தாள். இயக்குநர் அதை முழுசாகப் படித்ததில்லை. நேற்று அவளே ஒன்றரைப் பக்கமாக வெட்டினாள். வெட்டிய பிரதி அவள் கையில் மட்டும்தான் இருந்தது.

படித்தாள். எடுத்த எடுப்பில் கிளார்க் பதிவேட்டைத் தள்ளுகிறார். வந்த தூரத்தை அப்பாவின் காலடியில் கிடக்கும் உரச்சாக்கு மூட்டையே சொல்லிவிடும். அவர் எழுத்தெழுத்தாகத் தன் பெயரை எழுத, அது பக்கத்துக் கட்டத்துக்குள் வழிகிறது. 'பரவால்லையா சார்?' பதில் வருமுன் கட். அடுத்த சீனில் மகள் வகுப்பில்.

லாரியின் பின்பலகைத் தூசியில் ஒரு மாதம் விரலால் கையெழுத்துப் போட்டுப் பழகியவர் அவளுடைய அப்பா. அன்று அவர் நகத்தில் சிமெண்ட் ஒட்டியிருந்தது. பேனாவைத் துடைத்துத்தான் திருப்பிக் கொடுத்தார்.

"கச்சிதம்!" இயக்குநர் தொடையில் தட்டினார். "ஆனா வாசல்ல அப்பா அழணும்மா. ஜனங்க கண்ணைத் தொடைக்கணும்."

"கையெழுத்துலயே அழுதுடுவாங்க சார். அப்புறம் நாம அழுதா, அவங்க தொடச்சிட்டு போனைப் பார்ப்பாங்க."

"அழுதாரும்மா, எனக்குத் தெரியாதா? இது எங்கப்பா கதைன்னு தயாரிப்பாளர்கிட்ட சொல்லிட்டேன். அதான் பேர் சிக்கல். அடுத்த படத்துல பார்ப்போம்."

அவள் தாள்களை மேஜையில் தட்டி அடுக்கினாள்.

"வாசல்ல உங்கப்பா என்ன சார் பண்ணாரு?"

"அதான்... கட்டிப்புடிச்சு..."

"எங்கப்பா அழல. வாட்ச்மேன்கிட்ட போய், 'ராத்திரி நீங்க தூங்குவீங்களாய்யா?'ன்னு கேட்டாரு. அந்தாளு முறைச்சான். இவரு ரோட்டைத் தாண்டி நின்னு, அவன் தூங்குறானான்னு சாயங்காலம் வரைக்கும் பார்த்துட்டுதான் பஸ் ஏறினாரு. நான் ஜன்னல்ல நின்னு சிரிச்சேன்."

அண்ணன் தலை நிமிர்ந்தது. "இதை ஏன்மா வெட்டினே?"

"எனக்குப் பிடிச்சது அதுதான்ணே. படத்துக்குக் கையெழுத்து போதும்."

"அட, அதையும் சேர்த்துடலாம்!" என்றபடி இயக்குநர் கை நீட்டினார். "கொடு."

அவள் தாள்களை இரண்டாக மடித்துப் பையில் வைத்தாள்.

"பட்டதாரி, உக்காரு. டீ வருது. பெரியவங்க சொன்னா..."

மிச்சத்தை அவர் கதவிடம்தான் சொன்னார். அவள் படியிறங்கிக்கொண்டிருந்தாள்.